கன்ஃபைன்ட் ஸ்பேஸ் சான்றிதழ் வெறும் பேப்பரா?

கேள்வி: சிங்கப்பூர் ஷிப்யார்டு வேலைக்கு கன்ஃபைன்ட் ஸ்பேஸ் கோர்ஸ் முடிக்கச் சொல்கிறார்கள். அது பேருக்குத்தானா, உள்ளபடியே உதவுமா?

தம்பி, நீங்கள் வெல்டராகவோ ஃபிட்டராகவோ போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். டேங்க் மாதிரி அடைபட்ட இடத்தில் பாதுகாப்பாக வேலை செய்யச் சொல்லித்தரும் அந்தக் கோர்ஸில் படித்த ஒரு விஷயம்தான் ஒருவரைக் காப்பாற்றியது, அதனால் பேப்பர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அன்று நான் ஒரு டேங்க் மேன்ஹோலில், அதாவது உள்ளே இறங்கும் வாயில், காவல் நிற்கும் அட்டெண்டன்ட். உள்ளே ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு ஆர்கான் வெல்டிங். காலையில் உள்ளே காற்றைச் சோதிக்கும் அசெஸர் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் மீட்டரின் குழாயை இறக்கி அளந்தார், ஆக்சிஜன் எல்லா இடத்திலும் 20.9 சதவீதம். பெர்மிட்டில் எழுதி மேன்ஹோல் பக்கத்தில் மாட்டியாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே வந்தபோது யாரோ உள்ளே காற்று அனுப்பும் புளோயரை நிறுத்திவிட்டார்கள். டார்ச்சும் ஹோஸும் உள்ளேயே கிடந்தன.

திரும்பி வந்ததும் வெல்டர் அண்ணன் இறங்கப் போனார். ஆள் வெளியே வந்து, காற்றும் நின்றுவிட்டால் காலை ரீடிங் செல்லாது, மறுபடி அளந்த பிறகுதான் இறங்க வேண்டும் என்று கோர்ஸில் சொன்னது நினைவுக்கு வந்து, அவரை நிறுத்தி அசெஸரைக் கூப்பிட்டேன். ஃபோர்மேன் திட்டினார், இருபது நிமிடம் வீண் என்று.

அசெஸர் மேலே அளந்தார், 20.8. ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் குழாயை அடிவரை இறக்கி இரண்டு நிமிடம் பொறுத்தார். நீளமான குழாய் வழியாகக் காற்று மீட்டருக்கு வந்து சேர நேரமாகும், உடனே பார்த்தால் மேல்காற்றின் எண்தான் தெரியும். 14.2 என்று காட்டி அலாரம் அடித்தது. 19.5-க்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது.

டார்ச் வால்வு சரியாக மூடாமல் ஆர்கான் கசிந்திருக்கிறது. ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சாதாரண நாலு காஸ் மீட்டர் ஆர்கானைக் காட்டாது, ஆக்சிஜன் குறைவதைத்தான் காட்டும். அண்ணன் படுத்து வெல்டிங் செய்ய வேண்டிய இடமே அந்த அடித்தளம்தான்.

'நீயே மீட்டரை இறக்கியிருக்கலாமே' என்று கமெண்டில் கேட்பீர்கள். எங்கள் யார்டில் அளந்து பெர்மிட்டில் எழுதுவது அசெஸர் வேலை. அட்டெண்டன்ட் வேலை ஆளை உள்ளே விடாமல் நிறுத்துவது, உள்ளே யாராவது விழுந்தாலும் தான் இறங்காமல் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், காப்பாற்றப் போய் இரண்டாவதாக விழுகிறவர்கள் நிறையப் பேர் என்று.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேலை மாறும்போது அந்தக் கம்பெனி என் சான்றிதழைத் தரவே இல்லை. கோர்ஸ் கட்டணத்தில் பாதியை என் சம்பளத்தில் பிடித்துவிட்டு, 'கம்பெனி காசில் படித்தது' என்றார்கள். அடுத்த இடத்தில் மறுபடி இரண்டு நாள் உட்கார்ந்தேன். நீங்கள் முடித்த அன்றே இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.