மேனேஜர் விளம்பரம்: தப்பான ஆள் படித்ததும் போனை வைத்துவிட வேண்டும்

கேள்வி: மன்னார்குடியில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். இரண்டாவது கிளைக்கு, "ஸ்டோர் மேனேஜர் தேவை. டிகிரி, 5 வருட அனுபவம். நல்ல சம்பளம். ஆண்கள் மட்டும்" என்று விளம்பரம் கொடுத்தேன். நூறு பேருக்கு மேல் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் கணக்கு எழுதுகிறவர்கள். மீதிப் பேர் ராத்திரி பத்து மணிக்குத்தான் கடை பூட்டுவோம், ஞாயிறு லீவு கிடையாது என்றதும் போய்விட்டார்கள். சம்பளம் 25 முதல் 28 ஆயிரம் வரை தருவேன். கடையில் 11 பேர் வேலை பார்ப்பார்கள். விளம்பரத்தை எப்படி எழுதுவது?

பதில்: ராத்திரி பத்து மணி, ஞாயிற்றுக்கிழமை, சம்பளத் தொகை. எனக்கு எழுதும்போது இந்த மூன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் மூன்றுமே இல்லை. நூறு போன் வந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் சம்பளம். "நல்ல சம்பளம்" என்று போட்டால், இப்போது வேறொரு கடையில் 22 ஆயிரத்துக்குப் பொறுப்பாக வேலை பார்க்கிற ஆள் கூப்பிட மாட்டார். தொகை தெரியாமல் கூப்பிட்டு, அது இப்போதைய முதலாளி காதுக்குப் போனால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து என்று நினைப்பார். வேலை இல்லாதவருக்கு அந்தப் பயம் இல்லை, அதனால் அவர்தான் கூப்பிடுவார். தொகையை மறைப்பதால் உங்களுக்கு வேண்டிய ஆளைத்தான் இழக்கிறீர்கள். 25,000 முதல் 28,000 என்று எழுதிவிடுங்கள். எதற்கு 25, எதற்கு 28 என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இன்னொன்று: ஈஎஸ்ஐக்கு இப்போதைய சம்பள வரம்பு 21,000 ரூபாய். இப்போது 20 ஆயிரம் வாங்கிக்கொண்டு ஈஎஸ்ஐயில் வைத்தியம் பார்க்கிற ஒருவர் உங்களிடம் வந்தால் அதை இழப்பார். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர முடியும் என்றால் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். வீட்டில் கலந்து பேசும்போது அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்து, அந்த டிகிரி. கணக்கு எழுதுகிறவர்கள் வந்து குவிந்தது அதனால்தான். "டிகிரி, மேனேஜர்" என்றால் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலை என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். சூப்பர் மார்க்கெட்டில் நல்ல மேனேஜர்கள் பலர் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பில்லிங் கவுண்டரிலோ குடோனிலோ ஆரம்பித்து மேலே வந்தவர்கள். டிகிரி கேட்டால் அவர்கள்தான் ஒதுங்குவார்கள். "ஆண்கள் மட்டும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது 1976-ல் வந்த சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு யார் கடை பூட்டுவது என்பதுதான் உங்கள் கவலை என்றால், நேரத்தை எழுதுங்கள். முடிந்தவர் வரட்டும். பெண் வந்தால் வீட்டில் கொண்டுபோய் விட வண்டி ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

இனி கொஞ்சம் கடினமான விஷயம். எழுதுவதற்கு முன் நீங்களே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இந்த ஆள் உங்களைக் கேட்காமல் என்னென்ன செய்யலாம்? சப்ளையருக்கு ஆர்டர் போடலாமா? வேலைக்கு ஒழுங்காக வராத பையனை நிறுத்தலாமா? எக்ஸ்பயரிக்குப் பத்து நாள் இருக்கிற பிஸ்கட்டை விலை குறைத்துத் தள்ளலாமா? எல்லாவற்றுக்கும் உங்களுக்குப் போன் போட வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை சூப்பர்வைசர். அதற்கு 18 ஆயிரத்துக்கே நல்ல ஆள் கிடைப்பார். மேனேஜர் என்று கூப்பிட்டுச் சூப்பர்வைசர் வேலை கொடுத்தால், திறமையான ஆள் மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவார். இந்தக் காரணத்தால் ஒரே வருடத்தில் மூன்று மேனேஜர் மாறிய கடையை எனக்குத் தெரியும். மூன்று பேரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கும் ஐந்நூறு ரூபாய் சரக்கு வாங்கக்கூட அதிகாரம் இல்லை.

உங்கள் கடைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மன்னார்குடியில் எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் புதுக் கிளைக்கு ஸ்டோர் மேனேஜர் தேவை. கடையில் 11 பேர் உங்கள் பொறுப்பில். தினமும் கேஷ் டேலி, சரக்கு வரவைச் சரிபார்த்தல், மாதம் ஒருமுறை ஸ்டாக் எண்ணுதல், ஷிஃப்ட் போடுதல் உங்கள் வேலை. 20,000 ரூபாய் வரை ஆர்டர் நீங்களே போடலாம். பெரும்பாலான நேரம் கடைக்குள் நடந்துகொண்டே இருக்கும் வேலை.

மதியம் 1 முதல் இரவு 10 வரை. சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் கட்டாயம் வர வேண்டும். வார லீவு செவ்வாய்.

சம்பளம் ரூ.25,000. ஐந்து பேருக்கு மேல் வைத்துக் கடையை நடத்திய அனுபவம் இருந்தால் ரூ.28,000. மளிகை அல்லது சூப்பர் மார்க்கெட்டில் 3 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பு முக்கியமில்லை. டெபாசிட் கேட்க மாட்டோம், ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்கி வைக்க மாட்டோம்.

போன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் இதற்குப் பதில் அனுப்புங்கள்: நீங்கள் வேலை பார்த்த கடையில் கடைசியாகக் கணக்கைவிட ஸ்டாக் குறைந்தது எப்போது? ஏன் குறைந்தது? என்ன செய்தீர்கள்? நான்கைந்து வரி போதும், வாய்ஸ் மெசேஜும் அனுப்பலாம்."

அந்தக் கடைசிக் கேள்விதான் சல்லடை. நூறு பேரில் முக்கால்வாசிப் பேர் பதில் எழுதவே மாட்டார்கள். "ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறேன், கூப்பிடுங்கள் சார்" என்று மட்டும் வருவதை விட்டுவிடுங்கள். அப்புறம் வந்த பதில்களைப் படியுங்கள். "எங்கள் கடையில் ஸ்டாக் குறைந்ததே இல்லை" என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு குறையாமல் இருக்காது, அவர் எண்ணிப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம். "பையன்கள் திருடினார்கள், நிறுத்திவிட்டேன்" என்று அத்தோடு முடிக்கிறவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நேரில் கேளுங்கள். "ஷாம்பு கேஸில் 24 என்று பில்லில் இருந்தது, உள்ளே 20தான் இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டு இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகு கேஸைப் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடுவதில்லை" என்று எழுதுகிறார் பாருங்கள், அவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். எழுத்துப்பிழையைப் பார்க்காதீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னதும் அதற்காகத்தான்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. நண்பரிடம் கேட்டு எழுதி அனுப்புவார்கள். அதனால் நேரில் வரும்போது உங்கள் பழைய கடையிலேயே ஒரு ரேக் முன் நிறுத்தி, "இதில் என்ன தப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். பழைய சரக்கு பின்னால், புதுசு முன்னால் இருப்பதை அனுபவசாலி தேதியைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். ஆனால் பணத்தில் நாணயமானவரா என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. அதற்கு அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

பேப்பரில் போடுவதோடு நிறுத்தாமல், விளம்பரத்தை உங்கள் கடைக்கு வரும் டிஸ்ட்ரிபியூட்டர் லைன் சேல்ஸ்மேன்களிடமும் கொடுங்கள். வாரத்தில் எத்தனையோ கடை ஏறி இறங்குகிறவர்கள். எந்தக் கடையில் யார் சரக்கை எண்ணி வாங்குகிறார், யார் எண்ணாமல் கையெழுத்துப் போடுகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே சேல்ஸ்மேன் மற்றக் கடை முதலாளியோடும் பேசுகிறவர். எனவே விளம்பரத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் சம்மதிக்கும் வரை இப்போதைய முதலாளியிடம் எதுவும் கேட்க மாட்டோம்."