விசா தேதி வேறு, தங்கும் நாள் வேறு: கேள்வி பதில்

கேள்வி: ஷெங்கன் விசாவில் ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை, 15 நாள் என்று இருக்கிறது. ஜூன் 20 இறங்கினால் ஜூலை 4 வரை இருக்கலாமா?

முடியாது. ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகளில், விசாவில் 'அன்டில்' என்று போட்ட முடிவுத் தேதி வெளியேறுவதற்கும் கடைசி நாள். 20 இறங்கினால் 30 வரை, 11 நாள்தான். மீதி 4 நாள் போனது போனதுதான். தேதி, நாள் எண்ணிக்கை இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அதோடு சரி.

ஜூன் 5 இறங்கினால் 15 நாளும் கிடைக்கும். ஆனால் கடைசி நாள் 19, 20 இல்லை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இரவு 11.50க்கு உள்ளே நுழைந்தாலும் அது ஒரு முழு நாள். காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

15 நாளுக்கு ஏன் 30 நாள் இடைவெளி என்றால், பயணம் தள்ளிப்போனால் நகர்த்திக்கொள்ள வழக்கமாக 15 நாள் சேர்த்துத் தருவார்கள். அது தங்குவதற்கு அல்ல.

கேள்வி: அமெரிக்க விசா மார்ச் 10 முடிகிறது. 9ஆம் தேதி போனால் மறுநாளே திரும்பணுமா?

வேண்டாம். அங்கே விசா தேதி கதவைத் தட்டுவதற்கான கெடு மட்டுமே. உள்ளே விட்டால் அதிகாரி ஐ-94 பதிவில் ஒரு தேதி போடுவார். சுற்றுலாவுக்குப் பெரும்பாலும் 6 மாதம். அதுவரை இருக்கலாம்.

கேள்வி: தப்பு சார். விசா முடிந்தால் கிளம்பியே ஆகணும். நான் இத்தாலியில் ஒரு நாள் தாண்டி மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் மாட்டியது ஐரோப்பாவில், அங்கே நீங்கள் சொல்வது சரி. அமெரிக்காவுக்கு அதைப் பொருத்தாதீர்கள். ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதால்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் என் அம்மாவுக்கு ஏன் 3 மாதம் மட்டும் கொடுத்தார்கள்? விசா பத்து வருடம்!

பத்து வருடம் என்பது வந்து போவதற்கு. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பது அதிகாரியின் முடிவு. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பாருங்கள், அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவது உண்டு.

கேள்வி: பாஸ்போர்ட் இன்னும் 7 வருடம் இருக்கிறதே?

அப்படியானால் அம்மா கவுன்டரில் என்ன சொன்னார் என்று கேளுங்கள். "மூணு மாசம்தான்" என்று அவரே சொல்லியிருக்கலாம். எதுவானாலும் ஐ-94 தேதிதான் செல்லும். இறங்கியதும் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சீன விசாவில் 'என்டர் பிஃபோர்' என்றால் அதற்கு முந்தைய நாளா?

அன்றைக்கும் நுழையலாம், பெய்ஜிங் நேரப்படி நள்ளிரவு 12 வரை. விமானம் தாமதமானால் போச்சு, அதனால் கடைசி நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது அதே விசாவில் தனியாக இருக்கும்.

கேள்வி: ஷெங்கன் 30 நாள் என்றால் ஒரு மாதம்தானே?

இல்லை! ஜூலை 1 இறங்கினால் 30இல் கிளம்பணும். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விசா மறுத்துவிட்டார்கள், மேல்முறையீடு எப்படி?

அது என் துறை இல்லை. மறுப்புக் கடிதத்தில் வழி எழுதியிருக்கும்.