குரோசாவா: முதலில் எந்தப் படம்?

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் படங்களைப் பார்க்க ஆசை. ஆனால் 30 படம் இருக்கிறதே! எல்லாரும் சொல்கிறார்களே என்று ‘செவன் சாமுராய்’ போட்டேன், முக்கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்கவா?

‘யொஜிம்போ’வில் (1961) தொடங்குங்கள். 110 நிமிடம்தான். வரிசை வேண்டாம். முதல் படமான ‘சான்ஷிரோ சுகாதா’ (1943) மறுவெளியீட்டின்போது சுமார் 17 நிமிடம் வெட்டுப்பட்டது. அந்தப் பகுதி முழுதாகத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓட்டை விழுந்த படத்திலிருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

‘யொஜிம்போ’வில் கதை உடனே பிடிபடும். வேலையில்லாத சாமுராய் ஒருவன், பாதை பிரியும் இடத்தில் குச்சியை எறிந்து, அது காட்டிய பக்கம் நடக்கிறான். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு நாய் மனிதக் கையைக் கவ்விக்கொண்டு எதிரே வருகிறது. அப்புறம் சாப்பாட்டுக் கடைக்காரர் ஜன்னல்களைத் திறந்து, எந்தக் கும்பல் எந்தப் பக்கம் என்று காட்டிவிடுகிறார். இனி யார் எங்கே என்ற குழப்பமே வராது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கும்பல்களும் தெருவின் இரு முனையிலிருந்தும் நெருங்க, சண்டையை மூட்டிவிட்ட சாமுராய் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். இந்தக் காட்சி பிடித்தால் குரோசாவா உங்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. இது அகலத்திரைப் படம். டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். திரை முழுக்க நிரம்பியிருந்தால் இரண்டு ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கும்பல்கள் நிற்பதே அந்த ஓரங்களில்தான்! பழைய பிரதியைத் தூசி தட்டி, அட்டையில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று அச்சடித்து விற்பவர்களை நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் கதை சொல்லும் வீடியோக்களும் வேண்டாம். அவற்றில் கதை மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது.

ஒரு விலக்கு, இதில் பலர் குழம்புகிறார்கள். கறுப்புப் பட்டை மேலும் கீழும் இருக்க வேண்டும் என்பது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. குரோசாவா அகலத்திரைக்கு வந்ததே ‘தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்’ (1958) படத்தில்தான். அதற்கு முந்தியவை ஏறக்குறைய சதுரம், ஆகவே பட்டை இடமும் வலமும் வரும். ‘செவன் சாமுராய்’ (1954) அப்படித்தான். அது அகலமாக நிரம்பியிருந்தால் தலையையும் காலையும் வெட்டிவிட்டார்கள், அல்லது முகங்களை இழுத்துத் தட்டையாக்கிவிட்டார்கள். காசு வாங்கும் தளங்கள் இந்த ஒரு தகவலையாவது போடக்கூடாதா? எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

‘யொஜிம்போ’ முடிந்த பிறகு ‘செவன் சாமுராய்’க்குத் திரும்புங்கள். 207 நிமிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெளிநாட்டு வெளியீட்டுக்காக வெட்டிய குட்டைப் பிரதிகளும் உலவுகின்றன. முழுப் படத்தில் இடைவேளையைக் குரோசாவாவே வைத்திருக்கிறார். அங்கே நிறுத்தி, மீதியை மறுநாள் பாருங்கள்.