வெளியே கருப்புத் திட்டு, உள்ளே வெளிறல்: டிரம்மை வேகமாக்கலாமா?

"ஒரு கிலோ ரோஸ்டரில் அரைக் கிலோ ஏற்காடு காபிக்கொட்டை போடுகிறேன், 215 டிகிரியில். தட்டையான பக்கம் கருப்புத் திட்டு, உடைத்தால் உள்ளே வெளிறல். டிரம்மை வேகமாக்கினால் சரியாகுமா?" (காட்பாடி)

டிரம்மை இப்போதைக்குத் தொடாதீங்க. கொட்டை போடும் சூட்டை 190க்கு இறக்குங்க. பாதி லோடுக்கு 215 அதிகம். கொட்டை குறைவு, இரும்பின் சூடு அப்படியேதான். தட்டைப் பக்கம் இரும்பில் படிந்ததும் தோல் கருகிடும், சூடு நடுவுக்குப் போக நேரமே இருக்காது.

மூன்றாவது நிமிஷம் மாதிரிக் கரண்டியில் பத்துக் கொட்டை எடுத்துப் பாருங்க. அப்போதே திட்டு இருந்தால் குற்றவாளி ஆரம்பச் சூடு. முதல் வெடிப்பை ஒட்டித்தான் வருதுன்னா டிரம் மெதுவா இருக்கு, இல்லை தீ அதிகம்.

வேகம் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. 20 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் நிமிஷத்துக்கு 95 சுற்றை நெருங்கினால் கொட்டை சுவரோடு ஒட்டிச் சுற்றும், புரளாது. 55-60 போதும்.

டிரம்மில் காற்றோட்டம் சரியா இருக்கான்னு பார்க்க, மாதிரிக் கரண்டித் துளையில் லைட்டரைப் பிடிங்க. சுடர் உள்ளே லேசாகச் சாயணும். நேரா நின்றால் உமி சேகரிக்கும் டப்பா அடைத்திருக்கும், காபியில் புகை நாற்றம் வரும். சுடர் அணைந்தால் காற்று சூட்டை வாரிக்கொண்டு போகுது, வறுவல் இழுக்கும்.

ஒன்று: 190 என்பது ஆரம்பக் கணக்குதான், சூட்டுமானி மெஷினுக்கு மெஷின் வேறு காட்டும். ரொம்ப இறக்கினால் காபி சப்பென்று ஆகிடும். வேலூர் வெயிலில் அடுத்தடுத்து போட்டால் மானி 190 காட்டும்போதும் இரும்பு அதைவிடச் சூடா இருக்கும். 170க்கு ஆறவிட்டு மறுபடி ஏற்றுங்க.