பத்து வருட எஸ்.ஐ.பி.யில் கடைசித் தவணைக்கு வயது ஒரு மாதம்தான்

கேள்வி: மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதைப் பற்றி இன்ஸ்டாகிராமில் தமிழில் ஒரு கரோசல் போடப் போகிறேன். ரிஸ்க்கையும், எத்தனை வருடம் போட வேண்டும் என்பதையும் பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் எப்படிச் சொல்வது?

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர் என்றும், உங்கள் பதிவைப் பார்க்கப்போகிறவர்கள் சீட்டும் ஆர்.டி.யும் கட்டிப் பழகிய நம் ஊர் மக்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு பெற்ற விநியோகஸ்தராக இருக்கிறேன். என் வழியாகப் போடப்படும் பணத்துக்கு எனக்குக் கமிஷன் வருகிறது. ரிஸ்க்கைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதைப் பார்த்துவிட்டு, சொந்தப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று சொல்பவர்கள் உண்டு. பங்குச் சந்தை ஃபண்டுகள் மோசம் என்று நான் சொல்லவில்லை, என் சொந்தச் சேமிப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி என்னைத் தொட்டதற்குக் காரணம், முக்கூடலிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒரு கணவன் மனைவி. அந்த அக்கா பீடி சுற்றுகிறார், அண்ணாச்சிக்குக் கடையில் கணக்கு எழுதும் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு. மாதம் 2,000 ரூபாய் வீதம் நான்கு வருடம் கட்டினால் கல்லூரியில் சேர்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அக்காவின் போனில் ஒரு கரோசலைச் சேமித்து வைத்திருந்தார். பச்சை நிறத்தில் நேராக மேலே ஏறும் ஒரு கோடு, அதன் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு தொகை, கடைசி ஸ்லைடின் அடியில் மட்டும், பெரிதாக்கிப் பார்த்தாலும் படிக்க முடியாத அளவில், சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்ற வழக்கமான வரி. "மாசாமாசம் போட்டா நட்டம் வராதுன்னுதான அண்ணாச்சி இதுல போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தப் பதிவில் அப்படி ஒரு வரி எங்குமே இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற எவருக்கும் அதுதான் புரியும்.

அந்தக் கோடு ஏன் தவறாகப் புரியவைக்கிறது என்றால், ஆர்.டி.யில் கால அளவு கணக்குக்கு உரியது, மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யில் அது ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக உரியது. வயல் முழுவதையும் ஒரே நாளில் நட்டால் ஒரே நாளில் அறுக்கலாம், மாதத்துக்கு ஒரு பாத்தியாக நட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்கப் போனால் பாதி பச்சையாகத்தான் இருக்கும். நான்கு வருட எஸ்.ஐ.பி.யில் 48 தவணைகள். முதல் தவணைக்குத்தான் நான்கு வயது, கடைசித் தவணைக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், சராசரி எடுத்தால் பணம் சந்தையில் இருந்தது சுமார் இரண்டு வருடம். பத்து வருடம் கட்டியவரின் பணத்துக்கும் சராசரி வயது ஐந்து வருடம்தான். வரிச் சலுகைக்கான இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் தனியாக மூன்று வருடப் பூட்டு இருப்பது பலருக்குத் தெரியும். பூட்டு இல்லாவிட்டாலும், தவணைக்குத் தவணை வயதைத் தனியாக எண்ணும் அந்தக் கணக்கு எல்லா எஸ்.ஐ.பி.க்கும் பொருந்தும் என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் கரோசலின் இரண்டாவது ஸ்லைடில் கோடு வேண்டாம், 48 கட்டங்களை வரையுங்கள். முதல் கட்டத்தில் "48 மாதம்", கடைசிக் கட்டத்தில் "1 மாதம்" என்று எழுதி, நிறத்தைப் படிப்படியாக வெளிற விடுங்கள். அடியில் "நீங்கள் நான்கு வருடம் கட்டுகிறீர்கள், உங்கள் பணம் சராசரியாக இரண்டு வருடம்தான் சந்தையில் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். முதல் ஸ்லைடில் தொகையைப் போட்டு ஆசை காட்டாமல், "இந்தப் பணம் எதற்கு? எந்த வருடம் கையில் வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். இதற்கு மனதில் பதில் சொல்லிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகிறவருக்குத்தான் அந்தக் கட்டங்கள் பொருள்படும்.

மூன்றாவது ஸ்லைடில் சராசரி விலைக் கணக்கு வரும், அதை எல்லோருமே போடுகிறார்கள். யூனிட் விலை 50, 40, 25, 40 என்று நான்கு மாதம் போனால், மாதம் 2,000 ரூபாய்க்கு 40, 50, 80, 50 யூனிட்கள் கிடைக்கும். மொத்தம் 8,000 ரூபாய்க்கு 220 யூனிட், நான்காம் மாத விலையில் 8,800 ரூபாய். விலை 50-க்குத் திரும்பாமலேயே லாபம் வந்துவிட்டது. இது உண்மைதான். ஆனால் இதே கணக்கை மூன்றாம் மாதத்தோடு நிறுத்திப் பாருங்கள். 6,000 ரூபாய் கட்டியவரிடம் 170 யூனிட் இருக்கும், 25 ரூபாய் விலையில் அதன் மதிப்பு 4,250 ரூபாய். இரண்டையும் ஒரே ஸ்லைடில், ஒரே எழுத்தளவில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை குறையும்போது அதிக யூனிட் கிடைப்பது, பிறகு விலை ஏறும்வரை காத்திருக்க முடிந்தவருக்கு மட்டுமே லாபம்.

நான்காவது ஸ்லைடில் உண்மையில் நடந்த ஒன்றைக் காட்டுங்கள். ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீடு, 2020 ஜனவரி நடுவில் 12,362 வரை போய் முடிந்தது, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. இரண்டே மாதத்தில் 38 சதவீதம் சரிவு. இதோடு நிறுத்தாமல் 2016 மார்ச் இறுதியில் குறியீடு 7,738 என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதாவது நான்கு வருடத்துக்கு முன்பு இருந்த அளவுக்கும் கீழே வந்துவிட்டது. இந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்டில் அந்த நான்கு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும், ஏறத்தாழ எல்லாத் தவணைகளும் வாங்கிய விலைக்குக் கீழேதான் இருந்திருக்கும். 2020 நவம்பரிலேயே குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் அதுவும் பொய்தான். ஆனால் எப்போதும் எட்டு மாதத்தில் மீண்டுவிடும் என்ற நம்பிக்கையும் வந்துவிடக் கூடாது. 2008 ஜனவரியின் உச்சத்தை 2010 நவம்பரில் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிய நிஃப்டி, அதைத் தெளிவாகத் தாண்டியது 2013-இன் கடைசியில்தான்.

இந்த ஸ்லைடின் அச்சுப்படியைத்தான் முக்கூடல் அக்காவிடம் காட்டினேன். அவர் சரிவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "காலேசுல ஜூன் மாசம் பீசு கேப்பான், நவம்பர் வரைக்கும் பொறுப்பானா?" என்றார். கால அளவைப் பற்றி நான் சொல்ல நினைத்த அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது. தேவைப்படும் தேதியைத் தள்ளிப்போட முடியாத பணத்துக்கும், தள்ளிப்போட முடிகிற பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாவது ஸ்லைடில் அவர் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். நான்கு வருடத்தில் கட்டியே ஆக வேண்டிய கல்விக் கட்டணம் முதல் வகை. மொத்தமாகப் பங்குச் சந்தை ஃபண்டில் வைக்கும் பணம் அதுவல்ல.

பத்து வருடம், பதினைந்து வருடம் என்று சொல்பவர்களுக்கு வேறொரு ஸ்லைடு தேவை. நீண்ட காலம் கட்டினால் ரிஸ்க் குறைந்துகொண்டே போகும் என்று பலரும் எழுதுகிறார்கள். கட்டிய பணத்துக்குக் கீழே போகும் வாய்ப்பு குறைகிறது என்றால் சரி. ஆனால் ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஒரு சரிவில் கரையக்கூடிய தொகை கடைசி வருடங்களில்தான் மிகப் பெரிது. மாதம் 2,000 வீதம் பத்து வருடத்தில் 2,40,000 ரூபாய் கட்டியவருக்கு, மாதம் 1 சதவீதம் சீராகக் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், சுமார் 4,64,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் 2020-இல் வந்ததைப் போல 38 சதவீதம் சரிந்தால் கையில் 2,88,000. புதிதாகக் கட்டும் 2,000 ரூபாய்க்கு அதிக யூனிட் கிடைக்கும் என்பது அங்கே ஆறுதலே அல்ல, ஏனென்றால் நாலரை லட்சத்துக்கு முன்னால் அந்த 2,000 மிகச் சிறியது. ஆகவே தேவைக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பிருந்தே சேர்ந்த தொகையைப் பகுதி பகுதியாக வங்கி வைப்புக்கோ, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றத் தொடங்க வேண்டும். அப்படி மாற்றிய பிறகு சந்தை ஏறினால் அந்த ஏற்றம் கிடைக்காது என்பதையும் அதே ஸ்லைடில் எழுதுங்கள். சீராக 1 சதவீதம் என்பது கணக்குக்காக வைத்துக்கொண்டது, சந்தை ஒருநாளும் அப்படி நடக்காது என்ற வரியும் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எனக்கு இதில் தீராத மனக்குறை ஒன்று உண்டு. விநியோகஸ்தர்கள் பெயரை மட்டும் போட்டுப் பகிர்ந்துகொள்வதற்காக ஆயத்தமாக வரும் தமிழ்ப் பதிவுகளில் நான் பார்த்தவரை இறங்கும் கோடே இருப்பதில்லை. இறங்குவதைக் காட்டினால் ஆள் வராது என்று அவற்றை அனுப்பும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவரே என்னிடம் சொன்னார். என் அனுபவம் வேறு. 2020 மார்ச்சில் என்னைக் கூப்பிட்டு எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொன்னவர்களில் அநேகர் ஏறும் கோட்டை மட்டும் பார்த்து வேறிடங்களில் சேர்ந்து, பிறகு என்னிடம் வந்தவர்கள். சரிவு வரும் என்று முன்பே எண்ணோடு கேட்டிருந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது, இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாமா என்பதைத்தான்.

கடைசி ஸ்லைடில் நீங்கள் யார் என்பது இருக்கட்டும். பதிவு பெற்றவர் என்றால் உங்கள் ஆம்ஃபி பதிவு எண்ணான ஏ.ஆர்.என்.னையும், கமிஷன் உண்டு என்பதையும், கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் என்று ஒன்று இருப்பதையும் எழுதுங்கள். ஃபண்டின் ரிஸ்க் அளவைப் படமாகக் காட்டும் ரிஸ்கோமீட்டரில் ஆறு நிலைகள் உள்ளன, பங்குச் சந்தை ஃபண்டுகள் பெரும்பாலும் கடைசி நிலையான "மிக அதிகம்" என்பதில்தான் வரும், அந்தப் படத்தை ஸ்லைடின் மூலையில் ஒதுக்காமல் நடுவில் வையுங்கள். பதிவு பெறாமல் விழிப்புணர்வுக்காக எழுதுகிறவர் என்றால் எந்த ஃபண்டின் பெயரையும் சொல்லிப் பரிந்துரைக்காதீர்கள். 2025 ஜனவரியில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை, முதலீட்டுக் கல்வி தருகிறவர்கள் முந்தைய மூன்று மாதங்களின் சந்தை விலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2008, 2020 எண்களுக்கு அந்தத் தடை இல்லை.

முக்கூடல் தம்பதியர் 1,500 ரூபாயை மகள் படிப்புக்காக வங்கி ஆர்.டி.யிலும், மீதி 500 ரூபாயைப் பன்னிரண்டு வருடம் தொடப்போவதில்லை என்ற முடிவோடு ஒரு குறியீட்டு ஃபண்டிலும் போட்டு வருகிறார்கள்.