ஒரு லட்சம் கட்டிய தேதி ஒன்று, கணக்கில் ஏறிய தேதி வேறு

கேள்வி: ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்ட ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் 10 லட்சம் வாங்கினேன். 15 வருடம், 9 சதவீத வட்டி, மாதம் 5-ம் தேதி 10,143 ரூபாய் தவணை. காப்பி விற்ற பணத்தில் ஜனவரி 20-ம் தேதி ஒரு லட்சம் அசலில் கட்டினேன், ரசீது இருக்கிறது. ஆனால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வட்டி 7,252, 7,230 என்று பழையபடியே பிடித்திருக்கிறார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏஜெண்ட், 5,000 கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்கிறார். அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பது?

பதில்: முதலில் கையில் இருக்கும் காகிதம் எது என்று பாருங்கள். கடன் கொடுத்த அன்று தந்த தவணை அட்டவணை 180 வரி இருக்கும். அதில் தப்பு கண்டுபிடிக்க உட்காராதீர்கள், கிடைக்காது. கம்ப்யூட்டர் ஒரே சூத்திரத்தை 180 முறை போட்டு அச்சடித்தது அது. தப்பு இருப்பது கணக்கு அறிக்கையில், அதாவது ஸ்டேட்மெண்ட் ஆஃப் அக்கவுண்டில். அட்டவணை நடக்க வேண்டியதைச் சொல்கிறது, அறிக்கை நடந்ததைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் ஒரு லட்சம் எங்கே போனது என்று தெரியும்.

ஒவ்வொரு வரியிலும் ஐந்து எண்கள் உண்டு: ஆரம்ப நிலுவை, தவணை, வட்டி, அசல், முடிவு நிலுவை. வட்டி வருவது ஆரம்ப நிலுவையிலிருந்து மட்டும்தான். நிலுவையை வட்டி சதவீதத்தால் பெருக்கி 1200-ஆல் வகுக்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒரு 12, நூற்றுக்கு ஒரு 100, அதனால் 1200. தவணையில் வட்டி போக மிச்சம் அசல். அந்த அசலை ஆரம்ப நிலுவையில் கழித்தால் முடிவு நிலுவை. இந்த வரியின் முடிவு நிலுவையே அடுத்த வரியின் ஆரம்ப நிலுவை. சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று விரல் வைத்து இறங்கினால் போதும்.

உங்கள் 13-வது வரி, பிப்ரவரி 5: ஆரம்ப நிலுவை 9,66,942. இதை 9-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் 7,252. அசலுக்குப் போனது 2,891. முடிவு நிலுவை 9,64,051. வரிக்குள் பார்த்தால் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

14-வது வரி, மார்ச் 5. இங்கே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பிடித்த வட்டி 7,230-ஐ 1200-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 9,64,000 வருகிறது. அதாவது நிறுவனம் வட்டி போட்டது ஏறக்குறைய ஒன்பது லட்சத்து அறுபத்து நாலாயிரத்துக்கு. நீங்கள் ஒரு லட்சம் கட்டி ஆறு வாரத்துக்கு மேல் ஆன பிறகும்! போட்டிருக்க வேண்டியது 8,64,051-க்கு. அதன் வட்டி 6,480. அந்த ஒரே வரியில் உங்களிடம் அதிகம் வாங்கியது 750 ரூபாய். மாதக் கணக்கில் வட்டி போடும் எந்தக் கடன் அறிக்கையிலும் இந்தத் திருப்பிப் போடும் கணக்கு ஒன்று தெரிந்தால் போதும். எந்தத் தொகைக்கு வட்டி போட்டார்கள் என்று அவர்களின் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இப்படி ஆனது? ஒரு லட்சத்தை ஆன்லைனிலோ கவுண்டரிலோ கட்டிவிட்டு வந்தால் பல நிறுவனங்களின் கணினி அதை அசலில் கழிக்காது. 'எக்ஸஸ் அமௌண்ட்' என்று ஓரமாக நிறுத்தி வைக்கும், இல்லாவிட்டால் வரப்போகும் தவணைகளுக்கு முன்பணம் என்று எடுத்துக்கொள்ளும். அசலில் கழிக்கச் சொல்லி நீங்கள் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் 'பார்ட் பேமெண்ட்' என்று ஏறும். பணத்தை வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்ல கவுண்டரில் யாருக்கும் வாய் வராது. அறிக்கையில் ஜனவரி 20-க்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, 'பார்ட் பேமெண்ட்' என்ற வார்த்தை எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். மார்ச் 5-ல் வந்தால், 44 நாள் உங்கள் பணம் அவர்களிடம் சும்மா கிடந்தது, நீங்களோ அதற்கே வட்டியும் கட்டினீர்கள்.

இதில் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 5 வரையான 16 நாள் கொஞ்சம் வழுக்கும். அதற்கு வட்டி சுமார் 395 ரூபாய். மாதாமாதம் வட்டி கணக்கிடும் ஒப்பந்தம் என்றால், இடையில் கட்டியது அடுத்த தவணைத் தேதியில்தான் கழியும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் அந்த 395-ஐ விட்டுவிடுங்கள். 750-க்கு எந்த ஒப்பந்தமும் சாக்கு ஆகாது.

எழுநூற்று ஐம்பதுதானே என்று விடவும் வேண்டாம். அது அசலில் தங்கிவிட்டது, கடன் முடியும்வரை அதற்கும் 9 சதவீதம் ஓடும். கடைசித் தவணையில் அது 2,000 ரூபாயைத் தாண்டி நிற்கும்.

புகார் கொடுக்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இங்கேதான் பலர் நியாயமான வட்டியைத் தப்பு என்று சண்டை போட்டு மூக்குடைபடுகிறார்கள். சில வங்கிகள் மாதக் கணக்கில் வட்டி போடுவதில்லை, நாள் கணக்கில் போடுகின்றன. நிலுவையை 9 சதவீதத்தால் பெருக்கி, 365-ஆல் வகுத்து, அந்த இடைவெளியில் எத்தனை நாளோ அத்தனையால் பெருக்குவார்கள். உங்கள் கடன் அந்த மாதிரி என்றால் ஜனவரி 5 முதல் பிப்ரவரி 5 வரை 31 நாளுக்கு வட்டி 7,391 வரும், 7,252 அல்ல. திருப்பிக் கணக்குப் போட்டால் நிலுவை ஒன்பது லட்சத்து எண்பத்தைந்தாயிரம் போலத் தெரியும், பதினெட்டாயிரம் கூட்டிவிட்டான் என்று ரத்தம் கொதிக்கும். அடுத்த மாதம் 28 நாள்தான், வட்டி 6,656-க்கு இறங்கிவிடும். அப்போது வங்கி தள்ளுபடி கொடுத்தது போலத் தெரியும். இரண்டுமே தப்பில்லை. அடையாளம் சுலபம்: மார்ச் 5 வரியில் வட்டி சட்டென்று இறங்கியிருந்தால் நாள் கணக்கு. 31 நாள் மாதத்தில் ஏறிவிட்டு, 28 நாள் மாதத்தில் இறங்காவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும். உங்கள் எண்கள் 7,252, 7,230 என்று சீராக நகர்கின்றன, எனவே மாதக் கணக்கு, தப்பு தப்புதான். நாள் கணக்குக் கடனில் கட்டிய அன்றே நிலுவை குறைய வேண்டும். அங்கே பதினாறு நாள் சாக்கும் செல்லாது.

இனி 750-ஐவிடப் பெரிய இடம். ஒரு லட்சம் கழிந்த பிறகு புது அட்டவணை கேளுங்கள், கடைசி வரியின் எண்ணைப் பாருங்கள். தவணை 10,143 என்றே தொடர்ந்தால், மார்ச்சுக்குப் பிறகு 136 தவணையில் கடன் முடிந்துவிடும், கடைசி வரி 150-ல் நிற்க வேண்டும். 180-ல் நின்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. உங்கள் ஒரு லட்சம் கணக்கிலேயே வரவில்லை, அல்லது உங்களைக் கேட்காமல் தவணையை 9,088 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். மாதம் ஆயிரம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டால், மொத்தத்தில் 1,30,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். காப்பி விலை சரிந்த வருடத்தில் குறைந்த தவணை உதவும்தான். ஆனால் அதை முடிவு செய்வது நீங்கள், அவர்கள் அல்ல.

அறிக்கையின் முதல் வரியையும் ஒருமுறை பாருங்கள். காசோலை எழுதிய தேதிக்கும் உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் இடையே வட்டி போடுவதை ரிசர்வ் வங்கியே கையும் களவுமாகப் பிடித்து, 2024 ஏப்ரல் 29-ல் சுற்றறிக்கை விட்டது. மாதத்தின் நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவதும் அதே பட்டியலில் வருகிறது. அதிகம் வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கேட்டவருக்குத்தான் திரும்பும் என்பது நம் ஊர் நடைமுறை.

ஏஜெண்டிடம் போகாதீர்கள். 5,000 ரூபாய்க்கு அவர் செய்யப்போவது, நீங்கள் இலவசமாக எழுதக்கூடிய ஒரு கடிதம். அதைவிட, இந்த ஆட்கள் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு 'வட்டி அதிகம் சார், வேற பேங்குக்கு மாத்திடலாம்' என்று பேச்சை மாற்றுவார்கள். புதுக் கடன் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கமிஷன். உங்களுக்கு மறுபடியும் நடைமுறைக் கட்டணம், மறுபடியும் ஒன்றிலிருந்து 180. முதல் வரிகளில் வட்டிதான் பெரும்பங்கு என்பதை மறந்துவிடாதீர்கள். ஓடிபி, வெற்றுக் காசோலை, கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் எதையும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.

கடிதம் அரைப் பக்கம் போதும். கடன் எண், ஜனவரி 20 ரசீது எண், 14-வது வரியில் 8,64,051-க்குப் பதில் 9,64,051-க்கு வட்டி பிடித்தது, திரும்ப வரவேண்டியது 750, மாத எண்ணிக்கையைக் குறைத்துப் புது அட்டவணை தருமாறு கோரிக்கை. நகலில் முத்திரை வாங்குங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனில் தனிநபர் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. அறிக்கையில் அப்படி ஒரு கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதி எத்தனை தவணை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. நடப்பதோ, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு பிடிஎஃப், அதுவும் நாலு முறை கேட்டால். 30 நாளில் பதில் வராவிட்டால், உங்களுடையது வீட்டுக்கடன் நிறுவனம் என்பதால் தேசிய வீட்டுவசதி வங்கியின் புகார் தளத்தில் போடுங்கள். வங்கிக் கடன்காரர்கள் cms.rbi.org.in தளத்தில் போட வேண்டும். இரண்டுக்கும் காசு கிடையாது.

அடுத்த வருடம் காப்பிப் பணம் வந்தால் 20-ம் தேதி கட்டாதீர்கள். கையில் பணம் இருந்தால் தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று வேலைநாள் முன்னால், 'அசலில் கழிக்கவும், தவணையை மாற்ற வேண்டாம்' என்ற கடிதத்தோடு கட்டுங்கள். 5-ம் தேதி தவணை கழிந்த மறுவாரம் அறிக்கையை இறக்கி, புது ஆரம்ப நிலுவையை 9-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்துப் பாருங்கள்.