முடிச்சில் மூன்று வடங்கள்: இழுவைகள் இடம் மாறுவது ஏன்?

“திருகோணமலையில் படகுக் கொட்டகை வளையில் 200 N இயந்திரம் தொங்குகிறது. மேல் வடங்கள் கிடையுடன் 30°, 60°. எனக்கு 30° வடத்தில் 173 N வருகிறது. விடை 100 N. எங்கே பிழை?”

30° வடத்தில் 100 N, 60° வடத்தில் 173 N, இயந்திரத்தைத் தாங்கும் நிலைக்குத்து வடத்தில் 200 N என்பதே சரி.

கோணம் கிடையுடன் தரப்பட்டிருக்க, நீங்கள் கிடைக்கூறுக்கு sin எடுத்திருக்கக்கூடும். அப்படி எடுத்தால் இரு இழுவைகளும் இப்படி இடம் மாறும். முடிச்சில் துணித்தால்:

T₁ cos 30° = T₂ cos 60°
T₁ sin 30° + T₂ sin 60° = 200

முதலாவதிலிருந்து T₂ = √3 T₁; அதை இரண்டாவதில் இட்டால் 2T₁ = 200.

உங்கள் விடையைச் சோதிக்க, கிடைக்கூறுகளைப் பாருங்கள்: ஒருபுறம் 150 N, மறுபுறம் 50 N மட்டுமே என்பதால் முடிச்சு அசையாமல் நிற்காது. பொதுவாகவே, நிலைக்குத்துக்கு நெருங்கிய வடத்துக்கே கூடிய சுமை விழும்.

இது இறுகக் கட்டிய முடிச்சுக்கே பொருந்தும். ஒரே வடத்தில் வழுக்கும் ஒப்பமான வளையமெனில் இருபுற இழுவையும் சமமாகிவிடும், கோணங்களும் சமமாகும்.